டிவியில் ஓடிய டாலர் விலையும் எங்கள் பாஸ்புக்கில் ஏறிய பணமும்

2025 பிப்ரவரி 10ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில், அமெரிக்க டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்து 87 ரூபாய் 95 காசைத் தொட்டது. எல்லாச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் சிவப்பு எழுத்தில் அந்த எண்தான் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் அந்த எண்ணைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் எங்கள் வீட்டில் கவனித்தார்கள். என் கணவர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பும், மாமனாரின் மருந்தும், தோட்டத்துச் செலவில் பாதியும் நடக்கின்றன. அந்த ஒரு எண்ணால் எங்கள் வீட்டில் எழுந்த மனத்தாங்கலையும், அதைத் தொடர்ந்து எங்களுக்கு ஏற்பட்ட பண இழப்பையும், பிறகு நான் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். அப்போது இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என் மாமனார் கணக்கில் கெட்டி. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பதை எப்போதோ யாரிடமோ கேட்டு, தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அன்று மாலையே 87.95ஐ 3.6725ஆல் வகுத்து, ஒரு திர்ஹம் 23 ரூபாய் 95 காசு என்று முடிவு செய்துவிட்டார். என் கணவர் அன்றைக்கு 4,000 திர்ஹம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். எனவே 95,793 ரூபாய் வர வேண்டும். மறுநாள் காலையில் என் கைப்பேசிக்கு வந்த செய்தியில் 94,382 ரூபாய் வரவு என்று இருந்தது. 1,411 ரூபாய் எங்கே போயிற்று என்று மாமனார் கேட்டார். முதலில் என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டு நாள் கழித்து அத்தை அடுப்படிக்கு வந்து, "அவன் அங்க தனியா எதாச்சும் பிடிச்சு வெக்கிறானா கண்ணு? மாமா சொல்ல மாட்டேங்கறாரு, ஆனா மனசுல வெச்சிருக்காரு" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக அங்கே வெயிலில் உழைக்கும் மனிதர்மேல் சந்தேகம் விழுவதை அவரிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது என்று புரியவில்லை. எனக்கும் அந்தக் கணக்குக்கு விடை தெரியாததுதான் அதிகம் உறுத்தியது.

கடைசியில் காங்கேயத்தில் எங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். அன்றைய அந்நியச் செலாவணி விலைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே ஒரு விலை அல்ல, நான்கைந்து விலைகள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்தை வங்கி வாங்கிக்கொள்ளும் விலை ஒன்று. வங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும்போது விற்கும் விலை ஒன்று. நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு விலை. நோட்டாக வாங்கினால் இன்னொரு விலை. வாங்கும் விலை எப்போதும் விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பம் பார்க்க வேண்டியது முதல் வகையை மட்டும்தான். தொலைக்காட்சி சொல்வது இந்த நான்கில் எதுவுமே இல்லை. அது பெரிய வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் டாலரைக் கைமாற்றிக்கொள்ளும் விலை. அந்த விலையில் எந்தக் குடும்பத்துக்கும் பணம் கிடைக்காது. தேடுபொறியில் தட்டிப் பார்த்தால் வரும் விலையும் பெரும்பாலும் அதுவேதான்.

இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் வீட்டுப் பணத்துக்கு அந்தத் தாளே பொருந்தாதாம். வளைகுடாவில் உள்ள பணம் அனுப்பும் நிறுவனங்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. என் கணவர் அங்கே திர்ஹத்தைக் கட்டும்போதே அது எவ்வளவு ரூபாய் என்று முடிவாகிவிடுகிறது. இங்கே வருவது ரூபாய்தான். எனவே எங்கள் வங்கி எதையும் மாற்றவும் இல்லை, எதையும் பிடிக்கவும் இல்லை. மாறாக ஒருவர் டாலராகவே வங்கிக்கு வங்கி அனுப்பினால், இங்குள்ள வங்கி தன் விலைத் தாளின்படி மாற்றும். மாற்றியதற்கு ஜிஎஸ்டியும் உண்டு, குறைந்தது 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். ஆகவே பணம் எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் விலையைப் பற்றி விசாரித்துப் பயனில்லை. "ரசீதை வாங்கிப் பாருங்கம்மா, எல்லாம் அதிலேயே இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

என் கணவர் ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார். பேருந்துப் பயணச்சீட்டைப் போல மெல்லிய தாள், எழுத்துகள் பாதி மங்கியிருந்தன. அதில் விலை 23.72 என்றும், கட்டணம் 20 திர்ஹம் என்றும், அதன்மேல் அந்நாட்டு வாட் வரி 5 சதவீதம், அதாவது 1 திர்ஹம் என்றும், நேரம் இரவு 7.34 என்றும் இருந்தது. அந்த நான்கையும் வைத்துக்கொண்டு மாமனாரின் நோட்டிலேயே, அவருக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டிவியில் சொன்ன 87.95 காலையில் ஒரு நேரத்தில் தொட்ட விலை. அன்று மாலை 3.30க்கு நம் நாட்டுச் சந்தை முடியும்போது டாலர் 87.48 அளவுக்கு இறங்கிவிட்டது. அதை வகுத்தால் திர்ஹம் 23.82. அதாவது டிவி எண்ணுக்கும் மாலை எண்ணுக்கும் இடையே மட்டும் திர்ஹத்துக்கு ஏறக்குறைய 13 காசு. 4,000 திர்ஹத்துக்கு 512 ரூபாய். ஷார்ஜாவில் இரவு 7.34 என்றால் நமக்கு ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. சந்தை மூடிவிட்ட நேரத்தில் அந்த நிறுவனம் தன் இலாபத்தையும் எச்சரிக்கையையும் சேர்த்து 10 காசு குறைத்துக் கொடுத்திருக்கிறது. அது 401 ரூபாய். கட்டணமும் வரியும் சேர்ந்த 21 திர்ஹத்தின் மதிப்பு 498 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 1,411. ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் கணக்கு ஒத்துப்போயிற்று. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செரி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை வாங்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

விலை மாறியதைப் பற்றிய செய்தி எதைக் கேட்டாலும் இந்த மூன்று பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் பங்கு, அந்த எண் எந்த நேரத்து எண் என்பது. 'வரலாறு காணாத' என்று சொல்லப்படும் எண் பெரும்பாலும் பகலில் சில நிமிடங்கள் மட்டும் நின்ற எண். ரசீதில் அச்சான நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டுமே தவிர, பணம் கணக்கில் ஏறிய நாளோடு ஒப்பிடக் கூடாது. இரண்டாவது, நிறுவனம் குறைத்துக்கொள்ளும் காசு. சனி, ஞாயிறுகளில் நம் சந்தை மூடியிருக்கும். அங்கே கடை திறந்திருக்கும். திங்கட்கிழமை என்ன விலையோ என்ற பயத்தில் அவர்கள் பெரும்பாலும் இன்னும் சில காசு கூடுதலாகக் குறைத்துக்கொள்கிறார்கள். என் கணவர் இப்போது வார நாட்களில் மதிய இடைவேளையில், கைப்பேசி வழியாக அனுப்புகிறார். மூன்றாவது, கட்டணம். செய்தியில் யாரும் சொல்லாத இந்த மூன்றாவது பங்குதான் சிறு தொகை அனுப்புகிறவர்களை அதிகம் பாதிக்கிறது. 1,000 திர்ஹம் அனுப்பினாலும் அதே 21 திர்ஹம்தான். ஆயிரத்துக்கு அது ஏறக்குறைய 500 ரூபாய். டாலர் விலை 1 ரூபாய் 80 காசுக்கு மேல் இறங்கினால் ஏற்படும் நட்டத்துக்குச் சமம். டாலர் 20 காசு ஏறுமா என்று காத்திருந்து, வாரம் ஒரு முறை ஆயிரம் ஆயிரமாக அனுப்புகிற ஒரு பையன் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறான். அவன் மாதம் கட்டணமாகவே 84 திர்ஹம் கொடுத்துவந்தான்.

இந்தக் கணக்கு தெளிவாகும் முன்பே இன்னொரு காரியம் நடந்துவிட்டது. எங்களுக்கு உண்மையான நட்டம் அதில்தான். என் கணவர் 10,000 திர்ஹம் சேர்த்து வைத்திருந்தார். மாசி மாதத்தில் போர்வெல்லை ஆழப்படுத்தலாம் என்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தோம். அப்போதைய 23.72 விலையில் அது ஏறக்குறைய 2,37,000 ரூபாய். ஆனால் அந்த வாரம் முழுவதும் டிவியில் வல்லுநர்கள் வந்து, டாலர் சீக்கிரமே 90ஐத் தொடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனார், "இப்ப அனுப்ப வேண்டாம், இன்னும் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ரிக் வண்டி சொன்ன நாளில் வந்து நின்றது. அடிக் கணக்குக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அத்தையின் சங்கிலியையும் என் நகையையும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்து 2,35,000 ரூபாய் வாங்கினோம்.

அதன் பிறகு நடந்தது டிவியில் அவ்வளவாக வரவில்லை. ரிசர்வ் வங்கி டாலரை விற்றதாகச் சொல்லப்பட்டு, மறுநாளே டாலர் 87க்குக் கீழே போனது. மார்ச் கடைசியில் 85 ரூபாய் சொச்சம். மே முதல் வாரத்தில் 84 ரூபாய் சொச்சம். ரூபாய் சரியும்போது தலைப்புச் செய்தியாகச் சொன்னவர்கள், அது ஏறியபோது வணிகச் செய்தியில் ஒரு வரியாக முடித்துக்கொண்டார்கள். நாட்டுக்கு நல்லது என்பதால் அது பரபரப்பாக இல்லை போலும். எங்களைப் போன்ற வீடுகளுக்கோ அதுதான் கையைக் கடிக்கும் செய்தி. சரிவுச் செய்தி வந்தால் மகன் அனுப்பும் பணம் குறைந்துவிட்டது என்று பதறும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; உண்மையில் அன்றுதான் அவர்களுக்குக் கூடுதலாக வரும். வைகாசியில் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம். சங்கிலி இல்லாமல் போக முடியாது என்று அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டார். மே முதல் வாரத்தில் 22.85 என்ற விலைக்கு அந்தப் பத்தாயிரத்தையும் வரவழைத்து நகையை மீட்டோம். வந்தது 2,28,500க்குச் சற்றுக் குறைவு. பிப்ரவரியில் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட 8,700 ரூபாய் குறைவு. அடகு வட்டி மூன்று மாதத்துக்கு 7,050. ஆக 15,750 ரூபாய். ஷார்ஜாவில் இருந்த பணத்துக்கு வட்டி எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் சிங்கப்பூரில் மகன் இருக்கும் வீட்டில் நடந்ததைக் கேட்டால் வியப்பாக இருக்கும். டாலர் இறங்குகிறது என்று நாங்கள் புலம்புவதைக் கேட்டு அவர்களும் பயந்து, அவசர அவசரமாகப் பணத்தை அனுப்பச் சொன்னார்கள். ஆனால் சிங்கப்பூர் வெள்ளி பிப்ரவரியில் 64 ரூபாய் சொச்சமாக இருந்தது, மே முதல் வாரத்தில் 65க்குச் சற்று மேலே இருந்தது. இறங்கவே இல்லை. காரணம் இதுதான்: திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 3.75 என்றும், கத்தார் ரியால் 3.64 என்றும் அப்படியே கட்டப்பட்டவை; ஓமன் ரியால் ஒன்று ஏறக்குறைய 2 டாலர் 60 சென்ட். ஆகவே இந்த நாடுகளில் ஆள் இருக்கும் வீட்டுக்கு டாலர் செய்தியே தங்கள் செய்தி. டாலரில் 37 காசு மாறினால் திர்ஹத்தில் 10 காசு மாறும், ஆயிரம் திர்ஹத்துக்கு 100 ரூபாய் மாறும் என்று மனதிலேயே கணக்கிடலாம். சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. டாலருக்கு எதிராகவே ஏறி இறங்குகின்றன. குவைத் தினார் 2007 முதல் பல நாட்டுப் பணங்களின் தொகுப்போடு இணைக்கப்பட்டிருப்பதால் டாலரோடு முழுதாக ஒட்டாது. அந்த வீடுகள் டாலர் செய்தியைக் கேட்டு முடிவெடுப்பது, கோவையில் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு இங்கே கடலைக்காய் விதைப்பதைப் போன்றது.

நகையை மீட்ட பிறகு, என் கணக்கு நோட்டைப் பார்த்த இரண்டு மூன்று வீட்டார் தங்களுக்கும் சொல்லும்படி கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பாலின் விலையை எழுதும் கரும்பலகை உண்டு. செயலாளர் அதன் ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார். மாலைப் பால் ஊற்ற எல்லோரும் வரும் நேரத்துக்கு முன் நான் எழுதிவைக்கிறேன். எழுதும் முறையை அமைக்கத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் டாலர் விலையையும் எத்தனை காசு ஏற்றம் என்பதையும் எழுதினேன், யாருக்கும் புரியவில்லை. இப்போது தேதியும் நேரமும் போட்டு, 'கையில் 4,000 திர்ஹம் இருந்தால், கட்டணம் போக, கணக்கில் ஏறுவது இவ்வளவு. போன வாரம் இதே நாளைவிட இவ்வளவு கூட, அல்லது குறைவு' என்று ரூபாயிலேயே எழுதுகிறேன். நேற்றைய விலையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். 5 காசு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரியவர்கள் மனம் அலைவதுதான் மிச்சமாகிறது. சிங்கப்பூர் வெள்ளிக்குத் தனி வரி. சனி, ஞாயிறுகளில் எதையும் எழுதுவதில்லை, 'வெள்ளிக்கிழமை விலை' என்று தேதியோடு விட்டுவிடுகிறேன்.

விலையை எங்கிருந்து எடுக்கிறேன் என்றும் கேட்பார்கள். வேலை நாட்களில் மதியம் எஃப்பிஐஎல் என்ற அமைப்பு டாலர் முதலிய சில நாட்டுப் பணங்களுக்குக் குறிப்பு விலை வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை இதை ரிசர்வ் வங்கியே நேரடியாகச் செய்துவந்தது. அதில் டாலர் விலையை எடுத்து 3.6725ஆல் வகுப்பேன். அது ஒத்துப் பார்ப்பதற்கு மட்டுமே. பலகையில் ஏறுவது என் கணவரும் இன்னும் இருவரும் தங்கள் கைப்பேசியில் அன்று காட்டும் விலையைப் படமெடுத்து அனுப்புவது. இரண்டுக்கும் இடையே 10 முதல் 15 காசு வரை வித்தியாசம் இருந்தால் வழக்கம். 30 காசுக்கு மேல் போனால் எங்கோ ஏதோ தவறு, அல்லது யாரோ அதிகமாகப் பிடிக்கிறார்கள். திர்ஹம் விலை குறிப்பு விலையைவிட அதிகமாகவே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு முறை ஒரு பையன் அனுப்பிய படத்தில் அப்படி இருந்தது. விசாரித்தபோது, அது புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் முறை மட்டும் கொடுக்கும் சலுகை விலை, அதுவும் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும்தான். அதைப் பலகையில் எழுதியிருந்தால் எத்தனை வீட்டில் எத்தனை மகன்களிடம், "நீ ஏன் குறைச்சு அனுப்பறே" என்று கேட்டிருப்பார்களோ தெரியாது. உண்டியல்காரர்கள் சொல்லும் விலை இதைவிடவும் கவர்ச்சியாக இருக்கும். அது சட்டத்துக்குப் புறம்பானது, ரசீதும் கிடையாது, பணம் வராவிட்டால் கேட்பதற்கும் ஆள் கிடையாது. அந்த விலையை நான் எழுதுவதே இல்லை.

எழுதாத இன்னொன்று, இனி ஏறுமா இறங்குமா என்பது. பால் ஊற்ற வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பணம் எப்போது தேவைப்படுகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். தேவை இந்த மாதத்தில் இருந்தால், அதற்குரிய தொகையை இந்த மாதமே வரவழைத்துவிடச் சொல்வேன்; காத்திருப்பதற்காகக் கடன் வாங்குவதாக இருந்தால் அந்த வட்டியை மாதாமாதம் திர்ஹத்தின் விலையில் கழித்துக் காட்டுவேன். 23.72 விலையுள்ள திர்ஹத்துக்கு எதிராக நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கடன் வாங்கினால், மாதத்துக்கு 24 காசுக்கு மேல் ஏறினால்தான் காத்திருந்தது இலாபம். மூன்று மாதத்துக்கு 71 காசு. டாலர் கணக்கில் அது 2 ரூபாய் 60 காசு. அவசரத் தேவை எதுவும் இல்லாத பணத்தை மாதம் ஒரு பங்காகப் பிரித்து அனுப்பலாம். ஆனால் பிரிக்கும் ஒவ்வொரு முறைக்கும் அந்த 21 திர்ஹம் உண்டு.

2025 டிசம்பர் 3ஆம் தேதி டாலர் கடைசியில் 90ஐத் தாண்டியது. மாமனார் சொசைட்டிக்கே வந்து பலகையைப் பார்த்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனில்ல" என்றார். உண்மைதான், அவர் சொன்னது நடந்தது. பிப்ரவரியில் அடகு வைத்த நகையை அதுவரைக்கும் மீட்காமல் இருந்திருந்தால் பத்து மாத வட்டி 23,500 ரூபாய். 10,000 திர்ஹத்துக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது 7,500 ரூபாய்க்கும் கீழே. அந்தக் கணக்கை அவர் நோட்டிலேயே போட்டுக் கொடுத்தேன்; படித்துப் பார்த்துவிட்டு, கீழே தன் கையால் தேதி எழுதி வைத்துக்கொண்டார்.